அலகுச் சுமை முறை: சட்டக மூட்டின் தொய்வைக் கணிக்கும் வழியின் வரலாறு

அலகுச் சுமை முறை என்பது ஆணிகளால் மூட்டப்பட்ட ஒரு சட்டகத்தில், விரும்பிய மூட்டு விரும்பிய திசையில் எவ்வளவு நகரும் என்று கணிக்கும் முறையாகும். கூரைகளிலும் பாலங்களிலும் காணப்படும் இத்தகைய சட்டகத்தைக் கட்டுமானத் தொழிலில் டிரஸ் என்பர். இம்முறையை முதலில் 1864-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் வெளியிட்டார். பத்தாண்டு கழித்து, மாக்ஸ்வெல்லின் கட்டுரையை அறியாமலே, ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ மோர் அதே முடிவை வேறு வழியில் அடைந்தார். இதனால் இது மாக்ஸ்வெல்–மோர் முறை என்றும் வழங்கப்படுகிறது.

இருவரும் அடைந்த சூத்திரம் ஒன்றே. ஆனால் அதை அடைந்த பாதைகள் வேறு. அந்த வேறுபாட்டால், இம்முறை எவ்வளவு தூரம் செல்லும் என்பதும் மாறியது. அதை ஒரு சிறு சட்டகத்தின் கணக்கோடு இக்கட்டுரை விளக்குகிறது.

மாக்ஸ்வெல்லுக்கு முன்

சட்டகத்தின் ஒவ்வோர் உறுப்பிலும் எழும் விசையைக் கணக்கிடும் வழி, மாக்ஸ்வெல் எழுதிய காலத்தில் ஓரளவு அறியப்பட்டிருந்தது. அமெரிக்கப் பாலப் பொறியாளர் ஸ்குவையர் விப்பிள் 1847-இல் வெளியிட்ட நூலில் அதற்கான வழிகளைக் காட்டியிருந்தார். ஒவ்வொரு மூட்டிலும் கூடும் விசைகள் சமநிலையில் இருக்க வேண்டும் என்ற ஒரே விதியைக் கொண்டு எல்லா உறுப்புகளின் விசையையும் பெற்றுவிடலாம்.

விடை காணப்படாமல் இருந்தவை இரண்டு. ஒன்று, சுமை ஏறும்போது சட்டகம் எவ்வளவு தொய்யும் என்பது. மற்றொன்று, தேவைக்கு மேல் ஓர் உறுப்போ ஒரு தாங்கியோ கூடுதலாக இருந்தால் விசைகளை எப்படிப் பிரிப்பது என்பது. இரண்டாவது சிக்கலைச் சமநிலை விதி மட்டும் தீர்க்காது. உறுப்புகள் எவ்வளவு நீள்கின்றன, சுருங்குகின்றன என்பதும் தெரிய வேண்டும். ஆகவே முதல் கேள்விக்கு விடை கிடைத்தால் இரண்டாவதற்கும் வழி பிறக்கும்.

மாக்ஸ்வெல்லின் வழி

மாக்ஸ்வெல் 1864-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். சட்டகங்களின் சமநிலையும் விறைப்பும் பற்றிய அவருடைய சிறு கட்டுரை அவ்வாண்டு 'பிலாசபிக்கல் மேகசின்' இதழில் வந்தது. ஒரு தளத்தில் அமைந்த சட்டகத்தில் மூட்டுகளின் எண்ணிக்கை s என்றால், அது குலையாமல் நிற்கப் பொதுவாக 2s − 3 உறுப்புகள் போதும் என்று அதில் அவர் காட்டினார். பின்னர் தொய்வுக்கு வந்தார்.

அவர் துணைக்கொண்டது கிளாப்பேரோன் தேற்றம். பிரெஞ்சு அறிஞர் லாமே எழுதிய மீள்மையியல் நூலின் வழியாக அதை அறிந்ததை மாக்ஸ்வெல் குறிப்பிடுகிறார். மீள்தன்மையுள்ள ஒரு பொருளின்மேல் சுமை மெல்ல மெல்ல ஏறும்போது அது செய்யும் வேலை முழுவதும் பொருளுக்குள் ஆற்றலாகச் சேர்கிறது என்பதே அத்தேற்றத்தின் சாரம். சுமை P, அதன்கீழ் ஏற்படும் தொய்வு Δ எனில் அவ்வேலை ½PΔ.

மாக்ஸ்வெல் ஓர் எளிய உத்தியைக் கையாண்டார். சட்டகத்தில் ஓர் உறுப்பு மட்டும் நீளக்கூடியது, மற்றவை எல்லாம் நீளாதவை என்று எடுத்துக்கொண்டார். தொய்வு வேண்டிய இடத்தில் ஓர் அலகு விசையைச் செலுத்தினால் அந்த உறுப்பில் எழும் விசை எவ்வளவு என்று கணக்கிட்டார். அந்த ஓர் உறுப்பின் நீட்சியால் மட்டும் வரும் நகர்வை இதிலிருந்து பெற்றார். இப்படி ஒவ்வோர் உறுப்பாக எடுத்து, எல்லாவற்றையும் கூட்டினார். இன்றைய குறியீட்டில் எழுதினால் அவர் பெற்றது இதுவே:

Δ = Σ n N L / (A E)

இதில் N என்பது உண்மைச் சுமையால் ஓர் உறுப்பில் எழும் விசை. n என்பது அலகுச் சுமையால் அதே உறுப்பில் எழும் விசை. L உறுப்பின் நீளம், A அதன் குறுக்குவெட்டுப் பரப்பு, E பொருளின் யங் குணகம். N L / (A E) என்பது அந்த உறுப்பின் நீட்சியே; அதை e என்று சுருக்கினால் சூத்திரம் Δ = Σ n e ஆகிறது.

அந்தக் கட்டுரையில் படமும் இல்லை, எண்களைக் கொண்டு போட்டுக்காட்டிய கணக்கும் இல்லை. பாலம் கட்டும் பொறியாளர்கள் அதைப் படித்துப் பயன்படுத்தும் நிலையில் அது எழுதப்படவில்லை. ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் அவர்களிடையே அது கவனம் பெறவில்லை.

மோரின் வழி

ஓட்டோ மோர் 1835-இல் ஹோல்ஸ்டைன் பகுதியின் வெசெல்புரன் ஊரில் பிறந்தவர். ரயில்வேப் பொறியாளராகப் பணிசெய்து, பாலங்களை வடிவமைத்து, பின்பு ஸ்டுட்கார்ட்டிலும் 1873 முதல் டிரெஸ்டனிலும் பேராசிரியரானார். 1874-இல் ஹனோவர் கட்டடக்கலைஞர், பொறியாளர் சங்க இதழில் அவர் எழுதிய கட்டுரை சட்டக வளைவுப் பாலத்தைப் பற்றியது. இரு முனைகளும் நகராதபடி ஆணியால் பிணைக்கப்பட்ட வளைவில், முனைகள் வெளிப்புறமாகத் தள்ளும் கிடை உந்துவிசை எவ்வளவு என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

மோர் ஆற்றலைப் பற்றிய தேற்றம் எதையும் நாடவில்லை. அவர் மெய்நிகர் வேலைக் கோட்பாட்டிலிருந்து தொடங்கினார். இயக்கவியலில் இது பழைய கோட்பாடு. லாக்ராஞ்சு 1788-இல் வெளியிட்ட தம் நூலை இதன்மேல்தான் கட்டியெழுப்பினார். சட்டகத்திற்கு அதைப் பொருத்துவதைப் பின்வருமாறு விளங்கிக்கொள்ளலாம்.

தொய்வு வேண்டிய மூட்டில் ஓர் அலகுச் சுமையை மட்டும் வைக்கிறோம். ஒவ்வொரு மூட்டிலும் கூடும் விசைகளின் கூட்டுத்தொகை சுழி. ஆகவே அந்த மூட்டை எந்தப் பக்கம் சிறிதளவு நகர்த்தினாலும், அவ்விசைகள் செய்யும் வேலையின் கூட்டுத்தொகையும் சுழிதான். இனி, உண்மைச் சுமையால் மூட்டுகள் உண்மையில் எவ்வளவு நகருமோ அவ்வளவு எல்லா மூட்டுகளையும் நகர்த்துவதாகக் கொள்வோம். அலகுச் சுமை செய்யும் வேலை 1 × Δ. ஒவ்வோர் உறுப்பும் தன் இரு முனைகளிலும் n என்ற விசையால் எதிரெதிராக இழுத்துக்கொண்டிருப்பதால், e நீளும்போது அது செய்யும் வேலை −n e. தாங்கிகளின் எதிர்விசைகள் வேலை செய்வதில்லை. எல்லாவற்றையும் கூட்டிச் சுழி என எழுதினால் Δ = Σ n e கிடைக்கிறது.

இங்கே ½ ஏன் இல்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கிளாப்பேரோன் தேற்றத்தில் சுமை சுழியிலிருந்து தொய்வோடு சேர்ந்தே வளர்கிறது. ஆகவே சராசரியாகப் பாதிச் சுமைதான் வேலை செய்கிறது. இங்கோ அலகுச் சுமை முழுதாக முன்னரே அமர்ந்திருக்கிறது. நகர்வு பிறகு, வேறொரு காரணத்தால் வருகிறது. எனவே முழு வேலை.

'வேறொரு காரணத்தால்' என்பதில்தான் மோரின் வழியின் சிறப்பு அடங்கியுள்ளது. விசை n ஒரு கதை, நீட்சி e இன்னொரு கதை. முதலாவது சமநிலையில் இருக்க வேண்டும்; இரண்டாவது உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும்படி இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று காரணமாக இருக்க வேண்டியதில்லை. எனவே e சுமையால் வந்ததா, வெயிலால் வந்ததா, பட்டறையில் நீளம் தவறியதால் வந்ததா என்று சூத்திரம் கேட்பதில்லை.

ஒரு சட்டகம், ஒரு கணக்கு

ஒரு முக்கோணச் சட்டகத்தை எடுத்துக்கொள்வோம். A, B இரண்டும் தாங்கிகள். இடைவெளி 8 மீட்டர். A நகராத ஆணித் தாங்கி, B கிடையாக நகரக்கூடிய உருளைத் தாங்கி. கீழே நடுவில் D என்ற மூட்டு. அதற்கு நேர் மேலே 3 மீட்டர் உயரத்தில் C என்ற உச்சி. AD, DB ஆகியவை 4 மீட்டர் நீளமுள்ள அடி உறுப்புகள். AC, CB ஆகியவை 5 மீட்டர் நீளமுள்ள சாய்வு உறுப்புகள். CD 3 மீட்டர் நீளமுள்ள தொங்கு உறுப்பு. மூட்டுகள் 4; மாக்ஸ்வெல்லின் விதிப்படி 2 × 4 − 3 = 5 உறுப்புகள் போதும். இங்கே இருப்பதும் ஐந்துதான்.

அடி உறுப்புகளுக்கும் தொங்கு உறுப்புக்கும் குறுக்குவெட்டுப் பரப்பு 500 சதுர மி.மீ.; அமுக்கத்தைத் தாங்க வேண்டிய சாய்வு உறுப்புகள் 1000 சதுர மி.மீ. பரப்புள்ள எஃகுக் குழாய்கள். எஃகின் யங் குணகம் ஒரு சதுர மி.மீ.க்கு 200 கிலோநியூட்டன். D மூட்டில் 60 கிலோநியூட்டன் சுமை கீழ்நோக்கித் தொங்குகிறது.

தாங்கிகளின் எதிர்விசை ஒவ்வொன்றும் 30 கிலோநியூட்டன். A மூட்டின் சமநிலையிலிருந்து சாய்வு உறுப்பில் 50 கிலோநியூட்டன் அமுக்கமும், அடி உறுப்பில் 40 கிலோநியூட்டன் இழுப்பும் கிடைக்கின்றன. தொங்கு உறுப்பில் 60 கிலோநியூட்டன் இழுப்பு. இனி உண்மைச் சுமையை எடுத்துவிட்டு D மூட்டில் கீழ்நோக்கி 1 என்ற சுமையை மட்டும் வைத்து n மதிப்புகளைக் காண்கிறோம். இழுப்பை நேர்க்குறியாகவும் அமுக்கத்தை எதிர்க்குறியாகவும் எழுதினால்:

| உறுப்பு | N (கிலோநியூட்டன்) | e (மி.மீ.) | n | n × e (மி.மீ.) |
|---|---|---|---|---|
| AD | +40 | +1.60 | +2/3 | 1.067 |
| DB | +40 | +1.60 | +2/3 | 1.067 |
| AC | −50 | −1.25 | −5/6 | 1.042 |
| CB | −50 | −1.25 | −5/6 | 1.042 |
| CD | +60 | +1.80 | +1 | 1.800 |

கூட்டுத்தொகை 6.02 மி.மீ. D மூட்டு அவ்வளவு இறங்குகிறது. கடைசி நெடுவரிசை இன்னொன்றையும் சொல்கிறது: தொய்வைக் குறைக்க வேண்டுமானால் எந்த உறுப்பைத் தடிப்பாக்குவது என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். தனியொரு உறுப்பாக மிகுதியான பங்கு தருவது தொங்கு உறுப்பு.

இந்த ஒரு தொய்வை மட்டும் கிளாப்பேரோன் தேற்றத்தாலும் நேரே பெற்றிருக்கலாம். N × e மதிப்புகளைக் கூட்டினால் 361. அதைச் சுமை 60-ஆல் வகுத்தால் அதே 6.02. ஆனால் சுமையே இல்லாத C மூட்டு எவ்வளவு இறங்கும் என்று கேட்டால் அந்தத் தேற்றம் நேராக விடை தராது, ஏனெனில் அங்கே வேலை செய்யும் சுமை எதுவும் இல்லை. அலகுச் சுமை அந்த இடைவெளியை நிரப்புகிறது. 1 என்ற சுமையை C-இல் வைத்தால் தொங்கு உறுப்பில் n சுழி. மற்ற நான்கிலும் முன்போலவே. ஆகவே C இறங்குவது 6.02 − 1.80 = 4.22 மி.மீ. C-க்கும் D-க்கும் உள்ள வேறுபாடு தொங்கு உறுப்பின் நீட்சியாகவே இருப்பது கணக்கு சரி என்பதற்குச் சான்று.

B தாங்கி வெளிப்புறமாக எவ்வளவு நகரும்? B-இல் கிடையாக வெளிநோக்கி 1 என்ற விசையை வைத்தால், அடி உறுப்புகள் இரண்டிலும் n = 1, மற்றவற்றில் சுழி. விடை 1.60 + 1.60 = 3.20 மி.மீ. ஒருமுறை கண்ட e மதிப்புகள் எல்லாக் கேள்விக்கும் பொது. கேள்வி மாறும்போது n மட்டும் மாறுகிறது.

சுமையே இல்லாத தொய்வு

இப்போது சுமையை முழுவதும் இறக்கிவிடுவோம். அடி உறுப்புகள் இரண்டு மட்டும் 30 பாகை செல்சியசு கூடுதலாகச் சூடாவதாகக் கொள்வோம். எஃகு ஒரு பாகைக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். எனவே 4 மீட்டர் உறுப்பு ஒவ்வொன்றும் 1.44 மி.மீ. நீளும். B உருளையின்மேல் தடையின்றி நகர்வதால் எந்த உறுப்பிலும் விசை எழாது. N எல்லாம் சுழி. கிளாப்பேரோன் தேற்றத்தில் சுமையும் சுழி, ஆற்றலும் சுழி. அது ஒன்றும் சொல்லாது. மோரின் சூத்திரமோ 2/3 × 1.44 × 2 = 1.92 மி.மீ. என்று D-இன் இறக்கத்தைத் தந்துவிடுகிறது.

இதே வழியைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். 60 கிலோநியூட்டன் ஏறிய பின்னும் D மட்டமாகவே இருக்க வேண்டுமானால், முன்கூட்டியே அதை 6 மி.மீ. உயர்த்தி அமைக்க வேண்டும். அடி உறுப்பு ஒவ்வொன்றையும் 4.5 மி.மீ. குட்டையாக வெட்டினால், 2/3 × 4.5 × 2 = 6 மி.மீ. உயரும்.

ஆணிகளின் தளர்ச்சியும் இந்தக் கணக்குக்குள் அடங்கும். ஆணித்துளைகள் ஆணியைவிட 0.5 மி.மீ. பெரியவை எனில், சுமை ஏறியதும் இழுபடும் உறுப்பு 0.5 மி.மீ. நீண்டதுபோலவும், அமுங்கும் உறுப்பு அதே அளவு சுருங்கியதுபோலவும் நடந்துகொள்ளும். n மதிப்புகளின் எண்ணளவுகளைக் கூட்டினால் 4. தொய்வில் 4 × 0.5 = 2 மி.மீ. கூடும். கணக்கைவிட அளந்த தொய்வு மிகுந்து, சுமையை இறக்கியபின் சட்டகம் பழைய மட்டத்துக்கு முழுவதும் திரும்பாவிட்டால், முதலில் ஐயப்பட வேண்டியது இந்தத் தளர்ச்சியை.

கூடுதல் தாங்கி

மோர் எடுத்துக்கொண்ட வளைவுச் சிக்கலின் சிறு வடிவத்தை இச்சட்டகத்திலேயே காணலாம். B-இல் உருளையை அகற்றி அதையும் நகராத ஆணித் தாங்கி ஆக்குகிறோம். இப்போது கிடை எதிர்விசை H சமநிலை விதியால் மட்டும் கிடைக்காது. உருளை இருந்தபோது B 3.20 மி.மீ. வெளியே சென்றது. B-இல் ஒரு கிலோநியூட்டன் கிடைவிசை, அடி உறுப்புகளின் வழியாக, அதை 0.08 மி.மீ. நகர்த்தும். நகர்வு சுழியாக வேண்டுமானால் H = 3.20 ÷ 0.08 = 40 கிலோநியூட்டன், உள்நோக்கி. அப்போது அடி உறுப்பிலுள்ள விசை 40 − 40 = 0. முனைகள் இரண்டும் அசையாவிட்டால் அடி உறுப்புக்கு வேலையே இல்லை என்பது யோசித்தாலும் விளங்கும். கணக்கும் அதையே சொல்கிறது.

சூடாகும் கணக்கையும் இப்படியே செய்யலாம். சுமை இல்லாதபோது B 2.88 மி.மீ. வெளியே செல்ல முயலும். அதைத் தடுக்க 36 கிலோநியூட்டன் வேண்டும். முன்பு விசையே எழுப்பாத அதே வெப்பம் இப்போது இவ்வளவு அமுக்கத்தை அடி உறுப்புகளில் எழுப்புகிறது. பாலங்களின் ஒரு முனையில் உருளையோ வழுக்குத் தகடோ வைப்பதன் காரணம் இதில் தெரிகிறது.

பெயர்ச் சண்டையும் அதன் பொருளும்

மோரின் கட்டுரைக்கு முந்தைய ஆண்டு, 1873-இல், இத்தாலியின் டூரின் நகரில் ஆல்பெர்டோ காஸ்டிலியானோ தம் பட்ட ஆய்வில் ஆற்றல் வழியை வளர்த்தெடுத்தார். 1879-இல் அது நூலாக வந்தது. சுமைகளைச் சார்ந்து ஆற்றலை வகையிட்டுத் தொய்வைப் பெறுவது அவர் வழி. 1880-களில் பெர்லினின் ஹைன்ரிக் முல்லர்-பிரெஸ்லௌ ஆற்றல் வழியை ஆதரித்தார்; மெய்நிகர் வேலையே அடித்தளம் என்று மோர் எதிர்வாதம் செய்தார். நேர்விகித மீள்தன்மையுள்ள சட்டகத்தில் சுமை மட்டும் இருந்தால் இரு வழிகளும் ஒரே எண்ணையே தரும் என்பதால் இது வெறும் பெயர்ச் சண்டை போலத் தோன்றலாம். மேலே கண்ட வெப்பமும், குட்டையாக வெட்டிய உறுப்பும், தளர்ந்த ஆணியும் அதற்கு விடை. ஆற்றல் வழியில் அவற்றைச் சேர்க்கத் தனி ஏற்பாடு வேண்டும். மெய்நிகர் வேலையில் e-யின் மதிப்பை மாற்றினால் போதும்.

மாக்ஸ்வெல்லின் பங்கும் இதனால் குறைந்துவிடவில்லை. அவர் சூத்திரத்தில் n, N இரண்டும் இடம் மாறினாலும் விடை மாறாது. அதிலிருந்து அவர் அதே கட்டுரையில் ஒரு விதியைப் பெற்றார்: D-இல் வைத்த சுமையால் C எவ்வளவு இறங்குமோ, அதே சுமையை C-இல் வைத்தால் D அவ்வளவே இறங்கும். நம் சட்டகத்தில் 60 கிலோநியூட்டனை C-இல் வைத்தால் தொங்கு உறுப்பில் N சுழி. D-இன் இறக்கம் 4.22 மி.மீ. முன்பு C-க்குக் கிடைத்த அதே எண். கணக்கில் குறி எங்கேனும் பிசகியிருந்தால் இந்த ஒப்பீடு பல நேரங்களில் அதைக் காட்டிக்கொடுக்கும்.

எல்லைகள்

n மதிப்புகள் சட்டகத்தின் பழைய வடிவத்தைக் கொண்டே காணப்படுகின்றன. ஆகவே தொய்வு, உறுப்புகளின் நீளத்தோடு ஒப்பிட மிகச் சிறியதாக இருக்கும்வரைதான் விடை செல்லும். 8 மீட்டரில் 6 மி.மீ. என்பது அந்த எல்லைக்குள் நன்றாகவே அடங்குகிறது.

மற்றோர் எல்லை, உறுப்பு நேராகவே இருக்கும் என்ற எண்ணம். மேலே அடி உறுப்பில் 36 கிலோநியூட்டன் அமுக்கம் என்று கண்டோம். ஆனால் 500 சதுர மி.மீ. பரப்புள்ள அவ்வுறுப்பு ஏறத்தாழ 25 மி.மீ. விட்டமுள்ள உருண்டைக் கம்பியாக இருந்தால், ஆய்லரின் சூத்திரப்படி 4 மீட்டர் நீளத்தில் அது ஏறத்தாழ 2.5 கிலோநியூட்டனிலேயே பக்கவாட்டில் வளைந்துவிடும். அதன்பின் N L / (A E) அந்தக் கம்பியின் உண்மையான சுருக்கம் ஆகாது. Δ = Σ n e அப்போதும் பொய்யாவதில்லை; அதில் இடுவதற்கான e-யை வேறு வழியில் கண்டறிய வேண்டியிருக்கும். ஆகவே கணக்கை முடிக்கும் முன், எதிர்க்குறி பெற்ற ஒவ்வோர் உறுப்பும் அந்த அமுக்கத்தை வளையாமல் தாங்குமா என்று தனியாகப் பார்த்துக்கொள்வது இம்முறையின் கட்டாயமான கடைசிப் படி.